போலீஸ் புகாருக்குப் பதிலே வரலையா? 107ஏ கடிதத்தை எப்போது, எப்படிக் கொடுப்பது

புகார் கொடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. விசாரணை அதிகாரி முதல் வாரம் ஒருமுறை கூப்பிட்டு வாக்குமூலம் எடுத்தார், அதோட சரி. நீங்க போன் செய்தா “இன்னும் விசாரணையில இருக்கு” என்று பதில் வருது, இல்லேன்னா யாருமே எடுப்பதில்லை. இந்த நிலையில் திரும்பத் திரும்ப வாட்ஸ்அப் அனுப்புவதைவிட ஒரு பக்கக் கடிதம் பலன் தரும். ஏன்னா, அதற்குப் பதில் தரணும் என்று சட்டமே சொல்லுது.

மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவுதான் அது. 2006-ல் செய்யப்பட்ட திருத்தத்தில் இந்தப் பிரிவு சேர்க்கப்பட்டது. புகார் கொடுத்தவர் தன் புகாரின் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம். கடிதம் கிடைத்த 2 வாரத்துக்குள் அந்தப் போலீஸ் நிலையத்தின் தலைவர் நிலை அறிக்கை தர வேண்டும்.

எல்லாப் புகாருக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. மூணு நிபந்தனைகள் இருக்கு.

முதலாவது, குற்றம் வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய வகையாக இருக்கணும். மலாயில் இதை ‘கெசாலாஹான் போலே தங்காப்’ என்பார்கள். திருட்டும், தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவில் வரும் மோசடியும் இந்த வகை. ஆனால் ஒருத்தர் உங்களை அறைந்து சின்னக் காயம் ஏற்பட்டிருந்தா, அது பெரும்பாலும் 323-வது பிரிவில் போகும். அது இந்த வகையில் சேராது. அப்படிப்பட்ட புகாரை அரசுத் தரப்பு வழக்கறிஞரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது. அதனாலதான் “மாஜிஸ்திரேட்டைப் போய்ப் பாருங்க” என்று சொல்லி அனுப்புகிறார்கள். அங்கே 107ஏ கடிதம் கொடுத்தாலும் பதில் தர வேண்டிய கட்டாயம் போலீசுக்குக் கிடையாது.

இரண்டாவது, புகார் கொடுத்து 4 வாரம் முடிந்திருக்கணும். சம்பவம் நடந்த தேதியை வைத்துக் கணக்குப் போடாதீங்க. புகார் பதிவான தேதிதான் கணக்கு.

மூன்றாவது, விசாரணையையோ வழக்கையோ பாதிக்கும் எந்த விஷயத்தையும் அந்த அறிக்கையில் எதிர்பார்க்க முடியாது. யாரைச் சந்தேகப்படுகிறார்கள், எந்த வங்கிக் கணக்கைக் கண்காணிக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டால், மறுக்க நீங்களே ஒரு காரணம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஓர் உதாரணம்

கிள்ளானில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவி பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகை அறை தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் பார்த்த அறைக்கு முன்பணமாக 1,800 ரிங்கிட் அனுப்புகிறார். போய்ப் பார்த்தால் அந்த முகவரியில் வேறொரு குடும்பம் இருக்கு. ஜூலை 7-ஆம் தேதி கிள்ளானில் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள போலீஸ் நிலையத்தில் புகார் கொடுக்கிறார். பிறகு அது பிரிக்ஃபீல்ட்ஸ் மாவட்டப் போலீஸ் தலைமையகத்துக்கு மாற்றப்படுகிறது.

இப்போ கடிதம் யாருக்கு? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். புகார் எங்கே மாற்றப்பட்டிருந்தாலும், அதை முதலில் வாங்கிய நிலையத்தின் தலைவரிடம்தான் கேட்கணும் என்கிறது சட்டம். அதாவது கிள்ளான் நிலையத் தலைவருக்குக் கடிதம், பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள விசாரணை அதிகாரிக்கு அதன் நகல். கையெழுத்து மாணவியுடையதாக இருக்கணும், ஏன்னா புகார் கொடுத்தவர் அவர்தான். அம்மாவோ அண்ணனோ தங்கள் பெயரில் எழுதினால் இந்தப் பிரிவு அவர்களுக்கு உதவாது.

நான்கு வாரம் ஆகஸ்ட் 4-ஆம் தேதி முடியுது. ஆகஸ்ட் 6-ஆம் தேதி அவர் கடிதத்தை நேரில் கொடுத்தால், ஆகஸ்ட் 20-க்குள் பதில் வரணும்.

கடிதத்தில் என்ன எழுதுவது?

கடிதத்தை மலாயில் எழுதிக் கொடுங்க, மொழியைக் காரணம் காட்டித் தாமதமாகாது. தலைப்பு வரி இப்படி இருக்கலாம்: ‘பெர்மொஹோனான் லாப்போரான் ஸ்தாத்துஸ் சியாசாத்தான் டி பாவா செக்ஷென் 107ஏ, கானூன் தாத்தாசாரா ஜெனாயா’. பிரிவு எண் தலைப்பிலேயே தெரியணும். அது இல்லைன்னா, உங்கள் கடிதம் சாதாரண விசாரிப்பாக ஃபைலில் போய் உட்கார்ந்துவிடும்.

உள்ளடக்கம் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

“ஜூலை 7 அன்று உங்கள் நிலையத்தில் நான் கொடுத்த புகாரைக் குறிப்பிடுகிறேன். அதன் எண் மேலே உள்ளது. புகார் கொடுத்து 4 வாரங்கள் கடந்துவிட்டன. விசாரணையின் நிலை குறித்து எனக்கு இதுவரை எழுத்துப்பூர்வமான தகவல் எதுவும் வரவில்லை. 107ஏ பிரிவின்படி, இக்கடிதம் கிடைத்த 2 வாரங்களுக்குள் நிலை அறிக்கையை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். புகாரின் நகலை இணைத்துள்ளேன்.”

கீழே பெயர், அடையாள அட்டை எண், முகவரி, தொலைபேசி எண், கையெழுத்து. நடந்த கதையை மறுபடி எழுத வேண்டாம், அது புகாரிலேயே இருக்கு. அதிகாரியைக் குறை சொல்லவும் வேண்டாம். அது தனி விஷயம், அதற்குத் தனிப் புகார் வழி உண்டு.

ரெண்டு பிரதி எடுத்துட்டுப் போங்க. ஒன்றை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். உங்கள் பிரதியில் தேதியோடு நிலைய முத்திரை, அதாங்க, ‘சாப்’ வாங்கிக்குங்க. 2 வாரக் கணக்கு கடிதம் கிடைத்த நாளில்தான் தொடங்குது. அந்த நாளுக்கு அத்தாட்சி இல்லைன்னா அடுத்த படிக்கே போக முடியாது. தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்புங்க, ரசீதைத் தூக்கிப் போடாதீங்க.

பதில் வந்தால் என்ன சொல்லும்?

நீளமான அறிக்கை எதுவும் வராது. பெரும்பாலும் சில வரிகள்தான்: விசாரணை தொடர்கிறது, விசாரணை அறிக்கை அரசுத் துணை வழக்கறிஞரிடம் அனுப்பப்பட்டிருக்கிறது, ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது, அல்லது மேல் நடவடிக்கை இல்லை. கடைசியில் சொன்னதைத்தான் ‘என்எஃப்ஏ’ என்கிறார்கள். இப்போதைக்கு வழக்கு நகராது என்பதுதான் அதன் பொருள், எதிராளி குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதாக ஆகாது. புது ஆதாரம் கிடைத்தால் ஃபைலை மறுபடி திறக்க முடியும்.

இரண்டு வாரம் தாண்டியும் பதில் இல்லைன்னா?

அதே சட்டப் பிரிவு அடுத்த கதவையும் திறந்து வைத்திருக்கு. நிலையத் தலைவர் அறிக்கை தரத் தவறினார் என்று பொது அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு, மலாயில் ‘பெண்டாக்வா ராயா’, நீங்கள் எழுதித் தெரிவிக்கலாம். நம் உதாரணத்தில் ஆகஸ்ட் 21 முதல் மாணவி இதைச் செய்யலாம். சாப் வாங்கிய பிரதி, புகார் நகல், இரண்டு தேதிகளையும் சொல்லும் ஒரு சின்னக் கடிதம், இது போதும்.

அதன் பிறகு அவர் மாவட்டப் போலீஸ் தலைவரிடம் விரிவான நிலை அறிக்கை கேட்டு உத்தரவிட வேண்டும். புகார்தாரருக்கும் தகவல் போய்ச்சேர வேண்டும். உத்தரவை மாவட்டத் தலைவர் மதிக்காவிட்டால் அது குற்றம் என்றே சட்டம் சொல்லுது. நிலையத்திலேயே தேங்கிக் கிடந்த ஒரு ஃபைல் இந்தக் கட்டத்தில் மாவட்டத் தலைவரின் மேசைக்கு வந்தாகணும்.

ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிஞ்சுக்குங்க. இந்தக் கடிதத்தால் 1,800 ரிங்கிட் திரும்பி வராது, விசாரணையை இத்தனை நாளில் முடிக்கணும் என்றும் அது கட்டளையிடாது. கிடைப்பது தேதி போட்ட ஒரு எழுத்துப் பதில். பிறகு வழக்கறிஞரைப் பார்த்தாலும், வங்கிக்கு எழுதினாலும், அவர்கள் உங்களிடம் முதலில் கேட்கப் போவது அந்தத் தாளைத்தான்.