கலியாண விபரத்தில் பிறந்த நேரம்: பழைய நேரமா, புதிய நேரமா?

வெளிநாட்டு மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப, பிள்ளையின் விபரத்தை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி கேட்கும் குடும்பங்கள் தீவகத்தில் நிறைய உண்டு. பெயர், படிப்பு, தொழில், சகோதரங்கள் என்று எழுதிக்கொண்டு போவது சுலபம். பிழை அதிகம் வருவது பிறந்த இடத்திலும் நேரத்திலும்தான். இப்போது கலியாணம் பேசப்படும் பிள்ளைகளில் பலர் 1996 இற்கும் 2006 இற்கும் இடையில் பிறந்தவர்கள். அந்தப் பத்து வருடமும் இலங்கையில் இரண்டு நேரம் ஓடியது.

மின்சாரத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி அரசாங்கம் 1996 மே 25 ஆம் திகதி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு நகர்த்தியது. அதே வருடம் ஒக்டோபர் 26 இல் அரை மணித்தியாலம் பின்னுக்கு வைத்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 இல்தான் எடுபட்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே இருந்தது.

தீவகம் 1990 களின் தொடக்கத்திலேயே படையினர் வசமானது. ஆகவே அங்கே அரச அலுவல்கள் புதிய நேரத்தில் நடந்தன. ஆனால் தீவக மக்களில் பலர் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணம் போய், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு வன்னிக்கும் போனார்கள். அங்கே பிறந்த பிள்ளையின் சொந்த ஊர் நெடுந்தீவு. பிறந்த இடமோ கிளிநொச்சி, நேரமோ பழைய நேரம்.

ஓர் உதாரணத்தைக் கணக்காகவே பார்ப்போம். 2001 மார்ச் 20 ஆம் திகதி காலை 7.50 இற்கு ஒரு பெண்பிள்ளை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். அன்று வடக்கில் சூரியன் உதித்தது பழைய நேரப்படி ஏறக்குறைய 6.14 இற்கு. மீன லக்கினம் முடிந்து மேட லக்கினம் தொடங்கியது சுமார் 7.40 இற்கு. எனவே 7.50 என்பது பழைய நேரமானால் லக்கினம் மேடம். புதிய நேரமானால் அது பழைய 7.20; லக்கினம் மீனம்.

அன்று செவ்வாய் விருச்சிகத்தில் நின்றது. மேடத்திலிருந்து எண்ணினால் விருச்சிகம் எட்டாம் இடம், அதாவது செவ்வாய் தோஷம். ஆட்சி வீடு என்று விலக்குச் சொல்கிற சாத்திரியாரும் உண்டு. மீனத்திலிருந்து எண்ணினால் ஒன்பதாம் இடம், தோஷமே இல்லை. நட்சத்திரம் அரை மணித்தியாலத்தில் மாறுவது அரிது. ஆனால் ஒரு லக்கினம் சுமார் இரண்டு மணித்தியாலமே நிற்பதால், ஏறக்குறைய நாலு பிள்ளைகளில் ஒருவருக்கு அது மாறிவிடும்.

இந்தப் பிள்ளையின் விபரம் ரொறன்ரோவுக்குப் போகிறது. அங்கே உள்ளவர்கள் சாதகச் செயலியில் 7.50 என்று போடுகிறார்கள். இலங்கையின் நேர மாற்றங்களைத் தெரிந்த செயலி 2001 இற்குப் புதிய நேரத்தையே எடுக்கும். மீனம் என்று காட்டும். ஊர்ச் சாத்திரியார் எழுதிய குறிப்பிலோ மேடம் இருக்கும். குறிப்பை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று சந்தேகம் வருகிறது. யாரும் பொய் சொல்லாமலே பேச்சு முறிகிறது. பிறந்த இடத்துக்கு வெறுமனே ‘டெல்ஃப்ற்’ என்று போட்டால் இன்னும் மோசம். அது ஒல்லாந்தர் தங்கள் ஊரின் பெயரை நெடுந்தீவுக்கு வைத்தது. செயலி நெதர்லாந்து நகரத்தை எடுத்துவிடக்கூடும்.

எந்த நேரம் என்று அறிய முதலில் பிறந்த இடத்தையும், அந்நாளில் அது யார் கட்டுப்பாட்டில் இருந்தது என்பதையும் கேளுங்கள். வீட்டில் பிறந்த பிள்ளையானால் மணிக்கூடு பார்த்தவரைக் கேளுங்கள். பிறகு பழைய குறிப்பில் உதயாதி நாழிகையைப் பாருங்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். நம் உதாரணத்தில் பழைய நேரத்தில் கணித்திருந்தால் 4 நாழிகை இருக்கும், புதிய நேரத்தில் கணித்திருந்தால் 2¾. ஆனால் இது சாத்திரியார் எந்த நேரமாக எடுத்தார் என்பதை மட்டுமே காட்டும். அவருக்கு நேரம் சொன்னவர் எந்த மணிக்கூட்டைப் பார்த்தார் என்பது வீட்டாரிடம்தான் தெரியும்.

தெரிந்தபின் ஆங்கில விபரத்தில் சொந்த ஊரையும் பிறந்த இடத்தையும் பிரித்து, நேரத்தோடு அதன் வகையையும் எழுதுங்கள்:

```
Native place: Delft Island, Jaffna District
Place of birth: Kilinochchi, Sri Lanka
Time of birth: 7.50 a.m., old time, UTC+5:30
```

புதிய நேரமானால் கடைசி வரியில் new time, UTC+6:00 என்று வரும். 1996 மே 25 முதல் ஒக்டோபர் 25 வரை பிறந்தவருக்கு UTC+6:30.

கேட்டும் நிச்சயமாகாவிட்டால், இரண்டு நேரத்துக்கும் சாதகம் கணித்து இரண்டையும் அனுப்புங்கள். லக்கினம் இரண்டிலும் ஒன்றாக வந்தால் பெரும்பாலும் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். வேறாக வந்தால், அதற்குக் காரணம் யுத்தகாலத்து மணிக்கூடு என்று பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் தாங்களாகக் கண்டுபிடித்தபிறகு சொல்லும் விளக்கம் சாட்டாகத்தான் கேட்கும்.