பி1-ன்னா என்ன? குடியுரிமையும் ஒரு மொழித் தேர்வும்

புதுச்சேரியில வளர்ந்தவங்களுக்கு அலியான்ஸ் ஃப்ரான்சேஸ் தெரியாம இருக்காது. 1889-ல ஆரம்பிச்ச இடம். அங்க பிரெஞ்சு படிக்கிற யாரையாவது கேளுங்க, "ஏ2 முடிச்சிட்டேன், அடுத்தது பி1"னு சொல்வாங்க. ஏதோ சாஃப்ட்வேர் வெர்ஷன் நம்பர் மாதிரி. இந்த நம்பர் எதை அளக்குது, இதை யார் முடிவு பண்ணாங்க? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

கதை 1962-ல ஆரம்பிக்குது. 1954 நவம்பர் 1-லயே நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துடுச்சு. ஆனா சட்டப்படியான ஒப்படைப்பு நடந்தது 1962 ஆகஸ்ட் 16-ல. ஒப்பந்தப்படி, இங்க பிறந்து இங்கயே வசிச்ச பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆகிடுவாங்க. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவச்சுக்க விரும்புறவங்க ஆறு மாசத்துக்குள்ள எழுத்துல அறிவிக்கணும். நம்ம ஊர்ல "சொல்தா வீடு"னு சொல்ற பல குடும்பங்களோட கதை இதுதான். இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்த அறிவிப்புக்கு மொழித் தேர்வே கிடையாது. பிரெஞ்சு சரளமா பேசினவரும், தமிழ் மட்டுமே தெரிஞ்சவரும் ஒரே மாதிரி விருப்பம் தெரிவிக்கலாம்.

அவங்க பேரன் பேத்திகளுக்கும் தேர்வு இல்லை. பெற்றோர் வழியா குடியுரிமை வந்துடும். ஆனா அவங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, பின்னால பிரெஞ்சுக் குடியுரிமை கேட்கிறவங்க மொழி அறிவை நிரூபிக்கணும். முன்னாடி ஒரு அதிகாரி நேர்ல உட்கார்ந்து பேசிப் பார்த்து முடிவு பண்ணுவார். 2012-ல இருந்து அதுக்குப் பதிலா சான்றிதழ் கேட்டாங்க. பேச்சுலயும் கேட்டுப் புரிஞ்சுக்கறதுலயும் பி1 இருந்தா போதும். 2020-ல வாசிப்பும் எழுத்தும் சேர்ந்தது. 2026 ஜனவரியில இருந்து அது பி2.

சரி, இந்த பி1 எங்க இருந்து வந்துச்சு? 1975-ல ஐரோப்பிய கவுன்சிலுக்காக வான் எக் என்ற மொழியியலாளர் ஆங்கிலத்துக்கு ஒரு பட்டியல் தயாரிச்சார். மறு வருஷமே பிரெஞ்சுக்கும் ஒண்ணு வந்தது. அந்த நிலைக்கு அவங்க வச்ச பேருக்கு அர்த்தம், "வாசற்படி". வேறொரு நாட்டுல போய் இறங்குற ஆள் வீடு பிடிக்க, சாமான் வாங்க, டாக்டர்கிட்ட உடம்புக்கு என்னன்னு சொல்ல குறைஞ்சது எவ்வளவு மொழி வேணும்? அதுதான் கேள்வி. இலக்கணத்துல எத்தனை பாடம் முடிச்சீங்கன்னு அது கேட்கலை. அந்த மொழியை வச்சு என்ன செய்ய முடியும்னு கேட்டது. அந்த வாசற்படிதான் இன்னைக்கு பி1.

வாசற்படிக்கு மேலயும் கீழயும் படிகள் வேணும்ல? அதுக்கு 1990-கள்ல ஸ்விட்சர்லாந்துல பிரையன் நார்த்தும் அவர் குழுவும் ஒரு ஆய்வு பண்ணாங்க. ஏற்கெனவே உலகத்துல இருந்த பல அளவுகோல்கள்ல இருந்து "இவரால் இதைச் செய்ய முடியும்" என்ற மாதிரி வாக்கியங்களைச் சேர்த்தாங்க. ஆசிரியர்கள் பட்டறையில உட்கார்ந்து அதைப் பிரிச்சாங்க. குழப்பமான வாக்கியங்களைத் தூக்கிட்டாங்க. அப்புறம் கிட்டத்தட்ட 300 ஆசிரியர்கள், சுமார் 2,800 மாணவர்களை அந்த வாக்கியங்களை வச்சு மதிப்பிட்டாங்க.

அடுத்து வந்தது கணக்கு. அது ராஷ் மாடல். செஸ்ல ஈலோ ரேட்டிங் தெரியும்ல, கிட்டத்தட்ட அதே ஐடியா. இங்க ஆட்டம் ஒரு மாணவருக்கும் ஒரு வாக்கியத்துக்கும் நடக்குது. "போன்ல விவரம் கேட்டு வாங்க முடியும்"ங்கிற வாக்கியத்தை நிறைய பேர் ஜெயிச்சா, அது சுலபமானது, கோட்டுல கீழ உட்காரும். சிலர் மட்டுமே ஜெயிச்சா மேல போகும். இப்படி ஆளும் வாக்கியமும் ஒரே கோட்டுல இடம் பிடிக்கும்.

இதுல ரெண்டு விஷயம் மறைஞ்சிருக்கு. முதலாவது, கோடு தொடர்ச்சியானது. அதை எங்க வெட்டணும்னு மனுஷங்கதான் முடிவு பண்ணணும். ஸ்விஸ் ஆய்வுல பத்துப் படி வந்தது. 2001-ல வந்த ஐரோப்பியச் சட்டகத்துல அடிப்படைப் படிகள் ஏ1-ல இருந்து சி2 வரைக்கும் ஆறுதான். ரெண்டாவது, அந்தக் கோடு காட்டுறது ஆசிரியர்கள் எதைக் கஷ்டம்னு பார்த்தாங்க என்பதை. ஒருத்தர் மூளையில மொழி எந்த வரிசையில வளருதுங்கிறதை இல்லை. அந்த மாணவர்கள் ஸ்விட்சர்லாந்து வகுப்பறையில படிச்சவங்க. சமையலறையிலயும் கடைத்தெருவுலயும் மொழியைப் பிடிச்சுக்கிட்டவங்க கோடு வேற மாதிரி இருக்கலாம்.

இப்ப தேர்வுக்கு வருவோம். டெல்ஃப் பி1-ல நாலு பகுதி: கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல். ஒவ்வொண்ணுக்கும் 25 மார்க். பாஸ் ஆக மொத்தம் 50 வேணும், எந்தப் பகுதியிலயும் 5-க்குக் கீழ போகக்கூடாது.

ரெண்டு பேரைக் கற்பனை பண்ணிக்குவோம். முதல் ஆள் ஒரு அக்கா. பல வருஷம் பிரெஞ்சுக் குடும்பத்து வீட்டுல வேலை பார்த்து, காதால மொழியைக் கத்துக்கிட்டவங்க. கேட்டல் 21, பேசுதல் 22, வாசித்தல் 8, எழுதுதல் 4. மொத்தம் 55. ரெண்டாவது ஆள் என்னை மாதிரி ஒரு இன்ஜினியர், புத்தகமும் ஆப்பும் வச்சுப் படிச்சவர். கேட்டல் 9, பேசுதல் 6, வாசித்தல் 19, எழுதுதல் 18. மொத்தம் 52.

இன்ஜினியர் பாஸ். அக்கா மூணு மார்க் அதிகம் வாங்கியும் ஃபெயில், ஏன்னா எழுதுதல்ல 4. டெல்ஃப்ல ஒவ்வொரு நிலைக்கும் தனித் தேர்வு. அதனால "பி1 கிடைக்கலை, ஏ2 வச்சுக்கோங்க"ன்னு தர மாட்டாங்க. பாரிஸ்ல ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போய் டாக்டர்கிட்ட பேசிட்டு வரணும்னா நான் அக்காவைத்தான் அனுப்புவேன். ஆனா பி1 சான்றிதழ் இருக்கிறது இன்ஜினியர் கையில. பேச்சை மட்டும் அளந்த 2012 விதியில அக்கா தேறியிருப்பாங்க. எழுத்தைச் சேர்த்த 2020 விதியில தேற மாட்டாங்க. இத்தனைக்கும் அவங்க பிரெஞ்சுல ஒரு சொல்கூட குறையலை.

இதைத் தேர்வோட தப்புன்னு மட்டும் சொல்லிட முடியாது. ஒருத்தர் பேச்சுல பி2, எழுத்துல ஏ1-ஆ இருக்கலாம்னு அந்த ஐரோப்பியச் சட்டகமே ஒத்துக்குது. ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனி நிலை குறிக்கிற அட்டவணையும் அதுல இருக்கு. சிக்கல் எங்க வருதுன்னா, ஒரு அலுவலகம் நாலு எண்ணைச் சுருக்கி ஒரே எழுத்தா வாங்கிக்கிட்டு, அதை வச்சு ஒருத்தரோட விண்ணப்பத்தை முடிவு பண்ணும்போதுதான்.

அதனால உங்க வீட்டுல யாராவது இந்தத் தேர்வுக்குத் தயார் பண்ணா, போன வருஷ வினாத்தாள் மாதிரி ஒண்ணை நாலு பகுதியும் எழுத வச்சு, தனித்தனியா மார்க் போட்டுப் பாருங்க. 5-க்குப் பக்கத்துல நிக்கிற பகுதிதான் முதல் வேலை. நல்லா பேசுறாங்களேன்னு விட்டுடாதீங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.