தஸ்கீர்: அரபுப் பெயர்ச்சொற்களின் சிறுமை வடிவம்

அரபு இலக்கணத்தில் ஒரு பெயர்ச்சொல்லின் உள் உயிரொலிகளை மாற்றி, அந்தப் பொருள் சிறியது, நெருக்கமானது, அன்புக்குரியது அல்லது அற்பமானது என்று காட்டும் வடிவத்துக்குத் தஸ்கீர் என்று பெயர். ‘சிறிதாக்குதல்’ என்பது அதன் நேர்ப்பொருள். தமிழில் சிறுமையைக் காட்டக் ‘குட்டி’, ‘சிறு’ போன்ற தனிச்சொல்லைச் சேர்க்கிறோம். அரபில் பெரும்பாலும் எதையும் ஒட்டுவதில்லை; சொல்லின் மெய்யெழுத்துகள் அப்படியே நிற்க, அவற்றினிடையே உள்ள ஒலிகள் மட்டும் ஒரு வாய்பாட்டுக்குள் வந்து விழுகின்றன. ஜபல் என்றால் மலை. ஜுபைல் என்றால் சிறு மலை. கல்ப் நாய், குலைப் நாய்க்குட்டி.

8-ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்-கலீலும் அவர் மாணவர் சீபவைஹியும் இதன் விதிகளை வகுத்தவர்கள். சீபவைஹியின் ‘அல்-கிதாப்’ நூல் எல்லாச் சிறுமை வடிவங்களையும் மூன்று வாய்பாடுகளில் அடக்குகிறது. அவற்றுக்கு மாதிரியாக வருபவை மூன்று நாணயங்களின் பெயர்கள்: ஃபல்ஸ் – ஃபுலைஸ், திர்ஹம் – துரைஹிம், தீனார் – துனைனீர். மூன்று எழுத்துச் சொல்லுக்கு முதல் மாதிரி, நான்கெழுத்துச் சொல்லுக்கு இரண்டாவது, கடைசி எழுத்துக்கு முன்னால் நெடில் உள்ள ஐந்தெழுத்துச் சொல்லுக்கு மூன்றாவது.

வாய்பாடு

மூன்றுக்கும் தொடக்கம் ஒன்றே. குர்ஆன் ஓதிப் பழகியவர்களின் சொற்களில் சொன்னால், முதல் எழுத்துக்குப் பேஷ், இரண்டாம் எழுத்துக்கு ஸபர், அதன்பின் சுகூன் பெற்ற ஒரு யா. தமிழ்க் காதுக்கு இது ‘உ’, பிறகு ‘ஐ’ என்று கேட்கும். மூன்றெழுத்துச் சொல் அத்துடன் முடிந்துவிடுகிறது. நான்கெழுத்துச் சொல்லில் யாவுக்கு அடுத்த எழுத்து ஸேர் பெறும், அதனால்தான் துரைஹிம். அந்த இடத்தில் நெடில் இருந்திருந்தால் அது ஈகாரமாகும்: சிட்டுக்குருவியைக் குறிக்கும் உஸ்ஃபூர், உஸைஃபீர் ஆகும்.

ஐந்து மெய் கொண்ட சொல் இந்த அச்சில் அடங்காது. சஃபர்ஜல் என்பது ஒரு பழத்தின் பெயர். அதன் கடைசி ‘ல்’ கழிக்கப்பட்டு ஸுஃபைரிஜ் என்று வருகிறது. ஆனால் பெண்பால் விகுதி சொல்லின் உறுப்பாக எண்ணப்படுவதில்லை. அது வெளியே தொங்கும் பகுதி. ஆகவே ‘சிவந்தவள்’ எனப் பொருள்படும் ஹம்ராவின் சிறுமை வடிவம் ஈறு கெடாமல் ஹுமைரா. நபியவர்கள் தம் மனைவி ஆயிஷாவை இப்பெயரால் அழைத்ததாக மரபு சொல்கிறது.

மறைந்த எழுத்து திரும்புதல்

தஸ்கீரின் சுவையான பகுதி இதுதான். அரபுச் சொற்கள் பலவற்றில் வேரெழுத்து ஒன்று உருமாறியோ உதிர்ந்தோ போயிருக்கும். குறிப்பாக வாவும் யாவும் எளிதில் அலிஃபாக மாறிவிடும். சிறுமை வடிவம் அந்த எழுத்தைப் பழைய நிலைக்குத் திரும்பக் கொண்டுவருகிறது. காரணம் எளிது: வாய்பாட்டின்படி இரண்டாம் எழுத்து ஸபரைத் தாங்க வேண்டும், நெடிலான அலிஃபால் எந்த உயிரொலியையும் தாங்க முடியாது. அது விலகி, அந்த இடத்துக்கு உரிய மெய் வந்து நின்றாக வேண்டும்.

கதவைக் குறிக்கும் பாப், கோரைப்பல்லைக் குறிக்கும் நாப் இரண்டும் எதுகை போல ஒலிக்கின்றன. சிறிதாக்கினால் ஒன்று புவைப், மற்றது நுயைப். முதலாவதில் அலிஃபுக்குள் வாவ் மறைந்திருந்தது, இரண்டாவதில் யா. எது மறைந்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பன்மையைக் கேட்க வேண்டும். பாபின் பன்மை அப்வாப், நாபின் பன்மை அன்யாப். விடை அங்கேயே கிடைக்கிறது.

இது தற்செயல் அல்ல. அரபின் ‘உடைந்த பன்மை’யும் சிறுமை வடிவமும் இரட்டைப் பிள்ளைகள். திர்ஹமின் பன்மை தராஹிம், சிறுமை துரைஹிம். உஸ்ஃபூரின் பன்மை அஸாஃபீர், சிறுமை உஸைஃபீர். மெய்களின் வரிசை ஒன்றே. ‘அ – ஆ’ என்ற இடத்தில் ‘உ – ஐ’ வருகிறது, அவ்வளவுதான். சஃபர்ஜலும் பன்மையில் சஃபாரிஜ் என்றே வரும். அங்கும் கடைசி ‘ல்’ போய்விடுகிறது. தீனாரில் ஒரே ஒரு ‘ன்’தானே முன்னால் இருக்கிறது, துனைனீரில் இரண்டு எப்படி வந்தன என்று திகைப்பவர், பன்மை தனானீர் என்பதைப் பார்த்தால் தெளிவடைவார். தீனார் முன்பு தின்னாராக இருந்தது என்று இலக்கணிகள் முடிவு செய்தது இந்தச் சான்றைக் கொண்டுதான்.

விதிவிலக்கிலும் இந்த உறவு விடுவதில்லை. பெருநாளைக் குறிக்கும் ஈத் என்ற சொல்லின் வேரில் இருப்பது வாவ். விதிப்படி உவைத் என்று வர வேண்டும். ஆனால் அப்படி வந்தால் கட்டையைக் குறிக்கும் ஊத் என்ற சொல்லின் சிறுமை வடிவத்தோடு குழம்பும். ஆகவே அரபியர் உயைத் என்றனர். பன்மையையும் அதே போக்கில் அஃயாத் என்றே அமைத்தனர்.

மறைந்த பெண்பாலும் இப்படி வெளிப்படும். சூரியனைக் குறிக்கும் ஷம்ஸ் அரபில் பெண்பால். விகுதி எதுவும் இல்லாததால் பார்த்தவுடன் தெரியாது. சிறிதாக்கினால் ஷுமைஸா, ஈற்றில் பெண்பால் விகுதியோடு. கண்ணைக் குறிக்கும் அய்ன், உயய்னா ஆகும். இந்தச் சலுகை மூன்றெழுத்துச் சொற்களுக்குத்தான். தேளைக் குறிக்கும் அக்ரபும் பெண்பாலே. நான்கு மெய் இருப்பதால் விகுதியின்றி உகைரிப் என்று நின்றுவிடுகிறது. போரைக் குறிக்கும் ஹர்ப் மூன்றெழுத்துப் பெண்பாலாக இருந்தும் விகுதி ஏற்காமல் ஹுரைப் என வருவது விதிவிலக்கு.

‘யா புனய்யா’

குர்ஆனில் ஆறு இடங்களில் வரும் விளி இது. வெள்ளத்தில் மகனைப் படகுக்கு அழைக்கும் நூஹ், மகனின் கனவைக் கேட்ட யஃகூப், மகனைப் பலியிடும் கனவைச் சொல்லும் இப்ராஹீம் ஆகியோர் ஆளுக்கு ஒரு முறையும், மகனுக்கு அறிவுரை கூறும் லுக்மான் மூன்று முறையும் இப்படி அழைக்கிறார்கள். நான்கு பேரும் தந்தையர், நால்வரும் பேசுவது கவலையோடு. ‘சிறிய மகனே’ என்று இதற்குப் பொருள் கொண்டால் தவறாகிவிடும். நூஹின் மகன் குழந்தையல்ல. தானே முடிவெடுத்து மலையேறப் போகிறவன். இங்கே சிறுமை, வயதைச் சொல்லவில்லை. தந்தையின் பரிவைச் சொல்கிறது. தமிழில் ‘என் அருமை மகனே’, ‘என் கண்ணே’ என்ற விளிகள் அதற்கு நெருங்கி வரும்.

இச்சொல் உருவாகும் விதத்தில் மேலே சொன்ன விதிகள் எல்லாம் ஒருங்கே வேலை செய்கின்றன. மகன் என்பதற்கு அரபுச் சொல் இப்ன். இதில் முதல் அலிஃப் உச்சரிப்புக்கு முட்டுக்கொடுக்க வந்தது. முதல் எழுத்துக்கே பேஷ் கிடைத்துவிட்டால் அதற்கு வேலை இல்லை, நீங்கிவிடும். எஞ்சுவன பா, நூன் என்ற இரண்டே எழுத்துகள். மூன்று இல்லாமல் வாய்பாடு நிறையாது. ஆகவே உதிர்ந்துபோன வேரெழுத்தாகிய வாவ் திரும்புகிறது. இப்போது புனய்வ். சுகூன் பெற்ற யாவை ஒட்டி வாவ் வந்தால் அதுவும் யாவாக மாறி இணையும், எனவே புனய்ய். இத்துடன் ‘என்’ என்பதைக் குறிக்கும் யா சேர, மூன்று யாக்கள் நெருங்குகின்றன. அந்த நெரிசல் தாளாமல் ஒன்று குறைகிறது. நம்மிடையே பரவலாக உள்ள ஹஃப்ஸ் ஓதல் முறையில் அது புனய்யா என்றும், வேறு சில ஓதல்களில் புனய்யி என்றும் முடியும்.

பொருள் விரியும் திசைகள்

வாய்பாடு ஒன்றுதான், அது அன்பா இகழ்ச்சியா என்பதைச் சூழல் முடிவு செய்கிறது. கவிஞனைக் குறிக்கும் ஷாஇர், ஷுவைஇர் ஆகும்போது ‘அற்பக் கவிராயன்’ என்ற ஏளனம் வந்துவிடுகிறது. யமாமாவில் தன்னை நபி என்று அறிவித்துக்கொண்டவனின் இயற்பெயர் மஸ்லமா என்றும், முஸைலிமா என்பது முஸ்லிம்கள் இகழ்ந்து சிறிதாக்கிய பெயர் என்றும் கருதப்படுகிறது. அதே அச்சில்தான் அபூ ஹுரைராவின் பெயரில் உள்ள பூனைக்குட்டியும் வருகிறது. அங்கே இகழ்ச்சி துளியும் இல்லை.

எண்ணிக்கைக் குறைவையும் இது காட்டும். தராஹிம் என்பது திரளைக் குறிக்கும் பன்மை. திரளையும் குறைவையும் ஒரே சொல் தாங்காது. அதனால் முதலில் ஒருமையைச் சிறிதாக்கிப் பிறகு ஒழுங்குப் பன்மை சேர்த்துத் துரைஹிமாத் என்பார்கள்: ‘ஏதோ சில திர்ஹம்கள்’. இடமும் காலமும்கூடச் சிறுக்கும். ‘முன்’ என்று பொருள்படும் கப்ல, குபைல ஆனால் ‘சற்று முன்’. மஃரிபுக்குச் சில நிமிடங்களுக்கு முன்பைச் சொல்ல இதுவே பொருத்தமான சொல்.

எல்லைகளும் உண்டு. வினைச்சொற்கள் பொதுவாகச் சிறிதாகா. ‘பெரிய’ என்னும் கபீர் போன்ற சொல்லைச் சிறிதாக்குவது பொருளுக்கே முரண் என்று இலக்கணிகள் விலக்கினர். இறைவனின் பெயர்களைச் சிறிதாக்குவது மரியாதைக்கு மாறானது. முஹைமின் என்ற இறைப்பெயரில் அதே ‘உ – ஐ’ கேட்கிறதே என்று தோன்றலாம். அதன் யா சிறிதாக்கச் சேர்த்தது அல்ல, ஹைமன என்ற வினையிலேயே இருப்பது. யாவை நீக்கினால் எஞ்சுவது வழக்கிலுள்ள அதன் மூலச்சொல்லாக இருக்கிறதா என்று பார்ப்பதே சோதனை.

பெயர்களிலும் பேச்சிலும்

ஆட்பெயர்களில் தஸ்கீர் ஊறிக் கிடக்கிறது. ஹஸனின் சிறுமை ஹுசைன், படையைக் குறிக்கும் ஜுந்திலிருந்து ஜுனைத், அடிமையைக் குறிக்கும் அப்தின் சிறுமையான உபைத். தமிழ் முஸ்லிம் வீடுகளில் இவை அன்றாடப் பெயர்கள். சுரையா என்பது நாம் கார்த்திகை என்று அழைக்கும் விண்மீன் கூட்டம். ‘செழித்தவள்’ எனும் ஸர்வாவின் சிறுமை வடிவம். கூடுதல் எழுத்துகளை உதிர்த்துவிட்டு வேரை மட்டும் சிறிதாக்கும் முறையும் உண்டு. அதில் அஹ்மத், மஹ்மூத், ஹாமித் மூன்றும் ஹுமைத் என்றே ஆகிவிடுவதால், சொல்லை மட்டும் வைத்து மூலப்பெயரைக் கண்டுபிடிக்க இயலாது. குவைத் நாட்டின் பெயரே கோட்டையைக் குறிக்கும் கூத் என்ற சொல்லின் சிறுமை.

பேச்சு அரபில் இந்த அச்சு புதுச்சொல் படைப்பதை மொரோக்கோ போன்ற சில பகுதிகள் நன்றாகக் காத்துள்ளன. மற்ற பல இடங்களில் உறைந்துபோன சொற்களாகவே எஞ்சியிருக்கிறது. எகிப்தில் ‘நல்லது’ என்பதற்குச் சொல்லும் குவய்யிஸ் அப்படிப்பட்டது. வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் ‘ஷுவய்யா’வும் ஒரு தஸ்கீர்: ‘பொருள்’ எனும் ஷைஃ சிறுத்துக் ‘கொஞ்சம்’ ஆயிற்று. ஷைஃ சொல்லின் நடுவில் இருப்பது யா. ஆகவே ஷுயைஃ என்றே சொல்ல வேண்டும், வாவ் சேர்க்கக் கூடாது என்று பழைய அகராதிகள் எச்சரித்தன. பஸ்ரா இலக்கணிகள் தடுத்த அந்த வாவைக் கூஃபா இலக்கணிகள் அனுமதித்தார்கள். இன்றைய பேச்சில் நிலைத்திருப்பது கூஃபாவின் வாவ்தான்.