உயர்நிலை உயிர்காப்புச் சான்றிதழ்கள்

கோயம்புத்தூர் மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பணியாற்றும் செவிலியரும் இளம் மருத்துவரும் பெறுகின்ற, பெரியவர்க்குரிய ஏ.சி.எல்.எஸ்., குழந்தைகளுக்குரிய பி.ஏ.எல்.எஸ். என்னும் அமெரிக்க இருதய சங்கத்தின் சான்றிதழ்கள், கற்ற கைத்திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குவதால், 2 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் எழுத்துத் தேர்வில் 84 விழுக்காடு பெற்று, பொம்மை உருவின்மீது செய்முறையிலும் தேறினாலன்றிப் புதுப்பிக்கப்படுவதில்லை.

மறதியின் அபாயம் மருந்தளவில் தெளிவாகும். இருதயம் நின்றுபோன 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வீதம் 0.1 மில்லிகிராம் அட்ரினலின் வேண்டும். 1 மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் கொண்ட ஆம்பூலோடு 9 மில்லிலிட்டர் உப்புநீர் சேர்த்து, அக்கலவையில் 1 மில்லிலிட்டர் மட்டும் சிரையில் ஏற்ற வேண்டும். பதற்றத்தில் கலவாத மருந்தையே அவ்வளவு ஏற்றினால், பத்து மடங்கு போய்விடும். ஆதலின் செய்முறைத் தேர்வில், சிகிச்சைக் குழுத் தலைவர் கூறிய அளவைச் செவிலியர் உரக்கத் திருப்பிச் சொல்லி, ஏற்றியதும் மீண்டும் அறிவிக்கிறாரா என்பதையும் பயிற்றுநர் கூர்ந்து நோக்குகிறார்.