அகோண்ட்ரோபிளேசியா: கைகால் குறுகினாலும் நடுவுடல் குறுகாதது ஏன்?

நண்பர் ஒருவருக்குப் பேத்தி பிறந்து சில வாரங்களில் வைத்தியர் ‘அகோண்ட்ரோபிளேசியா’ என்று சொன்னார். வீட்டில் உடனே பழி தேடத் தொடங்கினார்கள். சொந்தத்துக்குள் செய்த கலியாணம் என்றார் ஒருவர். கர்ப்பத்தில் தாய் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்றார் இன்னொருவர். இரண்டும் பிழை. நான் கணக்காளன், வைத்தியன் அல்ல. ஆனால் குழந்தையின் கைகால் மட்டும் கட்டையாக, நெஞ்சும் வயிறும் மற்றப் பிள்ளைகளைப் போல இருந்தது என்னை யோசிக்க வைத்தது. அதைத் தேடி வாசித்து விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எலும்பு நீளமாவது அதன் நுனிகளுக்கு அருகில் உள்ள வளர்ச்சித் தட்டில்தான். அது மெல்லிய குருத்தெலும்புப் படை. அங்கே கலங்கள் அடுக்கடுக்காகப் பெருகி, பருத்து, பின் எலும்பாக மாறுகின்றன. இந்த வேகம் எல்லை மீறாமல் இருக்க உடலில் ஒரு பிரேக் இருக்கிறது. FGFR3 என்ற மரபணு செய்யும் புரதமே அது. அகோண்ட்ரோபிளேசியாவில் அந்த மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறிவிடுகிறது. அதனால் பிரேக் விடுபடாமல் அழுத்தியபடியே நிற்கிறது. இந்தக் காரணம் 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது.

பிரேக் உடல் முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் வேகமாக ஓடும் இடத்தில்தான் அதன் இழப்புப் பெரிது. சாதாரணப் பிள்ளையின் தொடை எலும்பு, முழங்காலுக்கு மேலே உள்ள ஒரே தட்டில் வருடத்துக்கு ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் வளர்கிறது. முதுகெலும்பிலோ ஒவ்வொரு முள்ளெலும்பும் வருடத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர், அல்லது அதிலும் குறைவாகவே வளர்கிறது. பல சிறு எலும்புகளின் சிறு வளர்ச்சிகள் சேர்ந்துதான் நடுவுடலின் நீளம் வருகிறது. எலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டுகளும் அதில் ஒரு பங்கு. ஆகவே அங்கே பிரேக்குக்குப் பறிகொடுப்பது குறைவு. கைகால்களில் தொடையும் மேற்கையுமே அதிகம் குறுகுகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 175 செ.மீ. உயரமான ஆண் ஒருவர் கதிரையில் இருந்தால், இருக்கையிலிருந்து உச்சி வரை சுமார் 91 செ.மீ.; மிச்சம் 84 கால்களின் பங்கு. அகோண்ட்ரோபிளேசியா உள்ள ஆணின் சராசரி உயரம் ஏறத்தாழ 131 செ.மீ. அவருடைய இருக்கை உயரத்தை 86 என்று எடுத்துக்கொண்டால் கால்களுக்கு 45 தான். மொத்தக் குறைவு 44. அதில் 39 கால்களில். மேசைக்கு இருவரும் இருந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது, எழும்பினால்தான் தெரியும். எல்லா எலும்பு வளர்ச்சிக் குறைபாடுகளும் இப்படியல்ல. சிலவற்றில் முள்ளெலும்புகளே தட்டையாகி நடுவுடல்தான் குறுகும்.

தலையிலும் இதே கதை. மண்டையின் மேல் ஓடு குருத்தெலும்பு இல்லாமலே உருவாகிறது. பிரேக் அதைத் தொடாது. அடிப்பாகம் குருத்தெலும்பிலிருந்து வருவதால் குறுகிவிடும். நெற்றி முன்தள்ளி, மூக்கின் மேல்பகுதி பதிந்திருப்பது இதனால்தான்.

இங்கேதான் பெற்றோர் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. நடுவுடலின் நீளம் சரியாக இருப்பதால் முதுகு தப்பிவிட்டது என்று நினைக்கக்கூடாது. நீளம் தப்பினாலும் அகலம் தப்புவதில்லை. முண்ணாண் போகும் கால்வாய் ஒடுங்கியிருக்கும். மண்டையின் அடியில் அது வெளியே வரும் துவாரமும் சிறியது. குழந்தை நித்திரையில் மூச்சை இடையிடையே நிறுத்தினாலோ, உடம்பு வழக்கத்தைவிடத் துவண்டு கிடந்தாலோ, உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். முதுகு தானாக உறுதியாகும் முன் தலையணை அடுக்கி இருத்தவும் கூடாது. முதுகு கூன் விழலாம். வளர்ந்தவர்களுக்கு நடக்கும்போது கால் விறைத்து, முன்னால் குனிந்தால் அல்லது இருந்தால் சுகமானால், அது கால்வாய் நெருக்கத்தின் அடையாளமாக இருக்கலாம்.

பிரேக்கைத் தளர்த்தும் வொசோரிடைட் என்ற ஊசிமருந்துக்கு 2021இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. தினமும் போடவேண்டும். வளர்ச்சித் தட்டுகள் மூடிய பின் அதனால் உயரம் கூடாது.

இனி அந்தப் பழிக்கு வருவோம். இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 80 வீதம் பேரின் பெற்றோர் சாதாரண உயரம் உள்ளவர்கள். எழுத்து மாற்றம் புதிதாக, பெரும்பாலும் தகப்பனின் விந்தணுவில் நிகழ்கிறது. தகப்பனின் வயது கூடும்போது வாய்ப்பும் சற்றுக் கூடுகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி. மாறிய மரபணு ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும் என்பதால், மச்சான் மச்சாள் கலியாணம் இதற்குக் காரணமாகாது. தாயின் சாப்பாடும் காரணமாகாது. இதை நண்பரின் வீட்டில் சொன்னபோது, அதுவரை வாய் திறக்காமல் இருந்த பிள்ளையின் தாய், “இன்னொருக்கா எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கோ, அங்கிள்” என்றாள்.