ரகசிய ஒலிப்பதிவும் கட்டாய ராஜினாமாவும்: சாட்சியம் எங்கே வலுவிழக்கிறது?

2017 ஜூலையில் டெக் மஹிந்திரா ஊழியர் ஒருவரிடம் மனிதவள அலுவலர் பேசிய ஒலிப்பதிவு நாடெங்கும் பரவியது. செலவைக் குறைக்க நிர்வாகம் எடுத்த முடிவு இது, மறுநாள் காலை 10 மணிக்குள் ராஜினாமா தர வேண்டும், தராவிட்டால் பணிநீக்கம் என்பது அதன் சாரம். குழுமத் தலைவர் ஆனந்த் மஹிந்திரா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பொதுவெளியில் அந்தப் பதிவு வென்றுவிட்டது. அதே போன்ற பதிவு தொழிலாளர் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டால் என்ன ஆகும்? ரகசியமாகப் பதிவு செய்ததே குற்றம் என்ற அச்சம் ஊழியர்களிடம் பரவலாக இருக்கிறது. பதிவு கையில் இருந்தால் வழக்கு முடிந்துவிட்டது என்ற நம்பிக்கையும் அதே அளவுக்கு இருக்கிறது. இரண்டும் தவறு. இந்தியச் சட்டத்தில் இத்தகைய பதிவுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. பதிவு எடுத்தபின் அதை எப்படிப் பாதுகாத்தார்கள், யாருக்கு அனுப்பினார்கள் என்பதில்தான் பெரும்பாலானவை வலுவிழக்கின்றன.

கதவு திறந்த வழக்கு ஆர்.எம். மல்கானி எதிர் மகாராஷ்டிர அரசு (1973). மும்பையில் கரோனராக இருந்தவர் ஒரு மருத்துவரிடம் லஞ்சம் கேட்ட தொலைபேசி உரையாடலை, அந்த மருத்துவரின் சம்மதத்தோடு காவல்துறை பதிவு செய்தது. உரையாடலில் ஒரு தரப்பாக இருந்தவரே சம்மதித்ததால் அது தந்திச் சட்டம் தடுக்கும் ஒட்டுக்கேட்பு ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். பேச்சு வழக்கோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், குரல் அடையாளம் காணப்பட வேண்டும், அழித்தோ திருத்தியோ இருக்க வாய்ப்பில்லை என்று காட்ட வேண்டும் என மூன்று நிபந்தனைகளையும் வகுத்தது. ராம்சிங் எதிர் கர்னல் ராம்சிங் (1985) வழக்கு இவற்றோடு பாதுகாப்பான பொறுப்பில் வைத்திருத்தல், தெளிவாகக் கேட்டல் ஆகியவற்றையும் சேர்த்தது.

2017இல் புட்டசாமி தீர்ப்பு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக்கிய பின் இந்தக் கதவு அடைபட்டுவிட்டதா என்ற ஐயம் நியாயமானது. 2025 ஜூலையில் விபோர் கார்க் எதிர் நேகா வழக்கில், மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த உரையாடல்களை மணமுறிவு வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அது தம்பதியர் பற்றிய தீர்ப்பு. பணியிடத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மண உறவின் நெருக்கத்துக்கே கிடைக்காத பாதுகாப்பை, ஒருவரின் வேலையைப் பறிக்கும் அலுவல் கூட்டத்துக்குக் கோருவது கடினம் என்பது என் வாதம். மல்கானி தீர்ப்பு தரும் காப்பு உரையாடலில் பங்கேற்றவருக்கு மட்டுமே உரியது. கைபேசியை ஓடவிட்டு மேசையில் வைத்துவிட்டு வெளியே போய், மேலாளர்கள் தமக்குள் பேசியதைப் பிடிப்பவர் மல்கானியின் நிழலில் ஒதுங்க முடியாது.

இனி ஒரு கற்பனை வழக்கைப் படிப்படியாகப் பார்ப்போம். சென்னையில் ஆறு ஆண்டு பணியாற்றிய மென்பொருள் சோதனையாளரை மனிதவளப் பிரிவு அழைக்கிறது. அவர் சட்டைப் பையில் கைபேசி பதிவு செய்துகொண்டிருக்கிறது. நாற்பது நிமிடப் பேச்சுக்குப்பின் அவர் ராஜினாமா மின்னஞ்சல் அனுப்புகிறார். ராஜினாமா தானாக விரும்பித் தந்தது என்பது நிறுவனத்தின் வாதம். மிரட்டிப் பெற்றது என்பது அவர் வாதம். விருப்பமின்றிப் பெற்றது என்று நிரூபணமானால் அது பணி நீக்கமாகும். அவர் சட்டப்படி தொழிலாளி என்ற வரையறைக்குள் வந்தால் ஆட்குறைப்புக்கான பாதுகாப்பும் கிடைக்கும்: ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான ஊதியம், நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இந்த விதி 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் தொகுப்பிலும் தொடர்கிறது. மேற்பார்வைப் பொறுப்பில் இருந்தார், எனவே தொழிலாளியே அல்ல என்று நிறுவனம் வாதிடக்கூடும். அந்தக் கேள்விக்கு ஒலிப்பதிவில் விடை இல்லை.

அன்றிரவு அவர் நாற்பது நிமிடங்களிலிருந்து மிரட்டல் வரும் ஏழு நிமிடங்களை வெட்டி எடுத்து, நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். மூன்று மாதம் கழித்து பழைய கைபேசியைக் கடையில் கொடுத்துப் புதியது வாங்குகிறார். சாட்சியம் சேதமடைவது இங்கேதான். அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கு (2020) சொன்னபடி, பதிவு செய்த கருவியையே அதன் உரிமையாளர் சாட்சிக் கூண்டில் கொண்டுவந்து நிரூபித்தால் தனிச் சான்றிதழ் தேவையில்லை. கருவி போய்விட்டால் நகலை நம்ப வேண்டும். நகலுக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, தரப்பினர் ஒரு பகுதியும் வல்லுநர் ஒரு பகுதியும் நிரப்பும் சான்றிதழைக் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பு இடம்பெற வேண்டும். கோப்பை அப்படியே நகலெடுத்தால் இந்த எண் மாறாது. ஒரு நொடியை வெட்டினாலும் முற்றிலும் வேறாகிவிடும். அவர் கையில் இப்போது இருப்பது, மூலமில்லாத ஏழு நிமிடத் துண்டு. மீதி முப்பத்து மூன்று நிமிடங்களில் மாற்றுப் பணி தருவதாகச் சொன்னோம், அவர்தான் மறுத்தார் என்று நிறுவனம் சொன்னால் அவரிடம் மறுப்பு இல்லை.

துறை விசாரணையிலும் தொழிலாளர் மன்றங்களிலும் சாட்சியச் சட்டம் கண்டிப்பாகப் பொருந்தாதே என்று கேட்கலாம். உண்மைதான். ஹரியானா அரசு எதிர் ரத்தன் சிங் (1977) அந்தத் தளர்வை உறுதி செய்தது. ஆனால் தளர்வு, பதிவை உள்ளே அனுமதிப்பதற்குத்தான் உதவும். திருத்தப்பட்டதாக எதிர்த்தரப்பு சொல்லும்போது நம்பகத்தன்மையை அது வாங்கித் தராது. ஆகவே முழுக் கோப்பை வெட்டாமல் வைத்திருப்பதும், கருவியை விற்காமலிருப்பதும், கூட்டம் முடிந்த அன்றே நடந்ததை எழுதி நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புவதும் பதிவைவிடக் குறைந்த மதிப்புடையவை அல்ல. பதிவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத அந்த மின்னஞ்சல்தான் பிற்பாடு பதிவுக்குத் துணை நிற்கும்.

வாட்ஸ்அப் பகிர்வில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பதிவில் வாடிக்கையாளர் பெயரோ திட்ட விவரமோ இருந்தால், ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறினார் என்ற புதிய குற்றச்சாட்டு எழும். பாலியல் துன்புறுத்தல் புகாராக இருந்தால் நிலைமை இன்னும் கடுமை: 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு புகாரின் உள்ளடக்கத்தையும் விசாரணை நடவடிக்கைகளையும் வெளியிடுவதைத் தடுக்கிறது. துன்பப்பட்ட பெண்ணே தன் நியாயத்தைக் காட்ட விசாரணைப் பதிவைப் பகிர்ந்தாலும் நிறுவனம் இந்தப் பிரிவை அவருக்கு எதிராகத் திருப்ப இடமுண்டு. உள்ளகக் குழுவிடம் பதிவைக் கொடுப்பதும் ஊருக்குக் கேட்கவைப்பதும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு செயல்கள். அந்த வேறுபாட்டை ஊழியர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

நிறுவனங்கள் ரகசியப் பதிவுக்குக் கண்டுபிடித்திருக்கும் மருந்து முழுத் தடை: அனுமதியின்றிப் பதிவு செய்தால் பணிநீக்கம். நிலையாணைகள் பொருந்தும் தொழிலாளர் விஷயத்தில் இது தோன்றும் அளவுக்கு எளிதல்ல. நிலையாணையில் குறிப்பிடாத செயலை ஒழுங்கீனமாகக் கருதித் தண்டிக்க முடியாது என்று கிளாக்ஸோ லேபரட்டரீஸ் வழக்கு (1983) தீர்த்திருக்கிறது. நீண்டகாலம் நடைமுறையில் இருந்த மாதிரி நிலையாணைகளின் ஒழுங்கீனப் பட்டியலில் ஒலிப்பதிவு என்ற பெயரில் எதுவும் இல்லை. நியமனக் கடித நிபந்தனையால் தடுத்தாலும், தடையை மீறி எடுத்த பதிவு அந்த ஒரே காரணத்தால் சாட்சியமாகாமல் போய்விடாது. ஊழியர் வழக்கில் வென்று, பதிவு செய்ததற்காக வேலையில் தண்டிக்கப்படும் விசித்திர நிலைதான் மிஞ்சும்.

தடைவிதி எழுதுவதாக இருந்தால் அதில் குறைந்தது மூன்று விலக்குகள் வேண்டும் என்று கருதுகிறேன். ஊழியர் தானே பங்கேற்கும் ஒழுங்கு நடவடிக்கை, பணிவிலகல் கூட்டங்கள் தடைக்கு வெளியே இருக்க வேண்டும். பதிவை நீதிமன்றம், உள்ளகக் குழு, தொழிலாளர் துறை, வழக்கறிஞர் ஆகியோரிடம் ஒப்படைப்பது பகிர்வாகக் கருதப்படக் கூடாது. கூட்டக் குறிப்பில் இருதரப்பும் கையெழுத்திட்டு அன்றே ஊழியருக்கு ஒரு பிரதி தரும் நிறுவனத்தில் மட்டுமே தடை செல்லும் என்பது மூன்றாவது. கையெழுத்திட்ட பிரதி ஊழியரிடம் இருக்கும் இடத்தில், மறுநாள் காலை 10 மணிக்குள் ராஜினாமா என்று சொல்லும் அலுவலர் அதைத் தாளிலும் எழுதித் தர வேண்டியிருக்கும்.