வரி வரவா, வரி விலக்கா: ஈப்போ தோட்ட வழக்கும் வெண்ணந்தூர்க் கணக்கும்

ஒரே வருமானத்துக்கு, அது விளைந்த நாடும் வரி கேட்கிறது. உரியவர் குடியிருக்கும் நாடும் கேட்கிறது. இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தங்கள் இதைத் தீர்க்கும் வழிகள் இரண்டு. விலக்கு முறையில் குடியிருப்பு நாடு அந்த வருமானத்தைத் தன் வரிக் கணக்கிலிருந்து விட்டுவிடும். வரவு முறையில் அதையும் சேர்த்து வரியைக் கணக்கிட்டு, வெளிநாட்டில் கட்டிய வரியை அதில் கழிக்கும். இந்திய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் வரவு முறையையே ஏற்றிருக்கின்றன. அதுவே நியாயமானது என்பதும், நீதிமன்றம் காக்க வேண்டியது விலக்கை அல்ல, வரவையே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு முதன்மையான சான்று, 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த குழந்தகன் செட்டியார் வழக்கு. குழந்தகன் செட்டியார் என்பது, மலேசியாவின் ஈப்போவில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த நிறுவனம். தோட்ட வருமானம் 88,424 ரூபாய். சொத்து விற்றதில் குறுகிய கால மூலதன ஆதாயம் 18,113 ரூபாய். இரண்டுக்கும் இங்கே வரி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றமும் ஏற்றது. அசையாச் சொத்தின் வருமானத்துக்கு, சொத்து உள்ள நாட்டில் 'வரி விதிக்கப்படலாம்' என்று ஒப்பந்தம் சொன்னதை, அந்த நாட்டுக்கே அந்த உரிமை என்பதாக உயர் நீதிமன்றம் பொருள்கொண்டது; உச்ச நீதிமன்றமோ அந்தச் சொல்லின் பொருளுக்குள் போகாமல், நிறுவனத்தின் பொருளாதார உறவு மலேசியாவோடுதான் நெருக்கமானது என்ற வேறு காரணத்தால் அதே முடிவுக்கு வந்தது.

உயர் நீதிமன்றத்தின் வாசிப்பில் ஓர் இடர் உண்டு. இரு நாடுகளிலும் வரிக்குட்பட்ட வருமானத்துக்கு மலேசிய வரியை இந்திய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்ற வரவுப் பிரிவு அதே ஒப்பந்தத்தில் இருந்தது. மூல நாட்டுக்கு உரிமை தரும் ஒவ்வொரு பிரிவும் இந்தியாவின் உரிமையைப் பறிக்கும் என்றால், வரவுப் பிரிவுக்குப் பெரும்பாலும் வேலையே இராது. மத்திய அரசு 2008 ஆகஸ்டில் வெளியிட்ட அறிவிக்கை இதைத்தான் சரிசெய்தது: அத்தகைய வருமானம் இந்தியக் கணக்கில் சேரும், நிவாரணம் ஒப்பந்தத்தின் நிவாரணப் பிரிவு சொல்லும் முறைப்படி கிடைக்கும்.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் காணலாம். வெண்ணந்தூரில் விசைத்தறி நடத்தும் ஒருவருக்குத் தறியிலிருந்து 8 லட்சம், ஈப்போவில் உள்ள வீட்டு வாடகையிலிருந்து 8 லட்சம், ஆக 16 லட்சம் நிகர வருமானம் என்போம். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில், கூடுதல் தீர்வையை விட்டுவிட்டால், வரி 1,20,000 ரூபாய். சராசரி வீதம் 7.5 சதவீதம். மலேசியாவில் குடியிராதவர் என்பதால் வாடகைக்கு அங்கே 30 சதவீதம், அதாவது 2,40,000 ரூபாய் கட்டுகிறார்.

வாடகையின் பங்குக்கு வரும் இந்திய வரி 60,000 ரூபாய். வரவுக்கு அதுவே உச்சவரம்பு. எனவே இங்கே கட்டுவது மீதி 60,000. மொத்தம் 3 லட்சம். முழு விலக்கு என்றால் தறி வருமானம் மட்டும் கணக்கில் நிற்கும், அதற்குரிய 20,000 ரூபாயும் தள்ளுபடியில் கழிந்துவிடும், மொத்தம் 2,40,000. விலக்கிலேயே இன்னொரு வகை உண்டு: வாடகைக்கு வரி இல்லை, ஆனால் வீதத்தைக் கணிக்க மட்டும் அதைச் சேர்ப்பார்கள். அப்போது தறி வருமானத்துக்கு 7.5 சதவீதம், அதே 60,000. வெளிநாட்டு வீதம் உயர்ந்திருக்கையில் இந்த வகை விலக்கும் வரவும் ஒரே தொகையில்தான் முடிகின்றன.

வேறுபாடு முழுமையாகத் தெரிவது வெளிநாட்டு வீதம் தாழ்ந்திருக்கையில்தான். வீடு ஈப்போவில் இல்லாமல் துபாயில் இருந்தால், தனிநபரின் வாடகைக்கு அங்கே வருமான வரி இல்லை. முழு விலக்கில் அவர் எங்குமே வரி கட்டமாட்டார். வரவு முறையில் 1,20,000 ரூபாயும் இங்கே கட்டுவார்; அதே 16 லட்சத்தை வெண்ணந்தூரிலேயே ஈட்டும் பக்கத்துத் தறிக்காரரும் அதையே கட்டுகிறார். இரட்டை வரியைத் தவிர்க்க எழுந்த ஒப்பந்தம், வரியே இல்லாத நிலைக்கு வழியாகக் கூடாது.

ஈப்போ கணக்கில் வரவாகாமல் போன 1,80,000 ரூபாய் அநீதி அல்லவா என்று கேட்கலாம். அது மலேசிய வீதத்தின் விளைவு. முழு விலக்கிலும் அவர் கையை விட்டுப் போயிருக்கும் பணம்தான். அதை இந்தியா திருப்பித் தந்தால், மலேசியக் கருவூலத்துக்கு நம் கருவூலம் ஈடு கட்டுவதாகும். ஆகவே உச்சவரம்பு நியாயமே.

வரவு முறையின் உண்மையான பலவீனம் நடைமுறையில் இருக்கிறது. மலேசியாவின் வரி ஆண்டு ஜனவரியில் தொடங்குவது, நம்முடையது ஏப்ரலில். இந்தியாவில் கணக்கைத் தாக்கல் செய்யும்போது அங்கே வரி முடிவாகாமல் இருக்கலாம். 2016-இல் வந்த 128-ஆம் விதி, வரி கட்டியதற்கான சான்றுடன் படிவம் 67-ஐக் கேட்கிறது. முதலில் கணக்குத் தாக்கலுக்குரிய கெடுவே அதற்கும் கெடுவாக இருந்தது. 2022-இல் அது மதிப்பீட்டு ஆண்டின் முடிவு வரை நீட்டப்பட்டது. படிவம் தாமதம் என்று வரவு மறுக்கப்பட்டால், நம் தறிக்காரர் இங்கே 1,20,000 கட்ட வேண்டும். மொத்தம் 3,60,000, ஒப்பந்தமே இல்லாதது போன்ற சுமை.

படிவத் தாமதத்தால் மட்டும் வரவை மறுக்கலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னது இங்கேதான் பொருள் பெறுகிறது. 2004-இன் தீர்ப்பு, ஒப்பந்தம் தராத விலக்கைத் தந்தது. 2023-இன் தீர்ப்பு, ஒப்பந்தம் தந்த வரவைக் காத்தது. இரண்டாவதே ஒப்பந்தத்துக்கு உண்மையான வாசிப்பு. கட்டிய வரிக்குச் சான்று இருக்கும்வரை வரவு என்பது உரிமை என்று விதியே சொல்லிவிட்டால், இதற்காக எவரும் நீதிமன்றப் படியேற வேண்டியிராது.